படத்தை மாற்றுங்கள், பக்கத்தைத் தொடாதீர்கள்

பழைய மாணவர் சங்கச் செயலர் ஒருநாள் பென்டிரைவோடு என் டிடிபி கடைக்கு வந்தார். "அண்ணே, சின்ன வேலைதான். அஞ்சாம் பக்கத்துல பழைய ஓட்டுக் கட்டடம் இருக்கு பாருங்க, அதை எடுத்துட்டுப் புதுக் கட்டடத்தைப் போடணும். வேற எதையும் தொட வேண்டாம்" என்றார்.

24 பக்கக் கையேடு. ஏழு வருடத்துக்கு முன் வேறோர் அச்சகத்தில் வடிவமைத்தது. மூலக் கோப்பைக் கேட்டேன். அந்த அச்சகத்தின் ஹார்டு டிஸ்க் எப்போதோ போய்விட்டதாம். மிஞ்சியிருப்பது பிடிஎஃப் மட்டும்தான்.

"வீட்டுல பையன் வேர்டுல திறந்து மாத்திப் பார்த்தான்" என்று ஒரு அச்சுத்தாளையும் நீட்டினார். படம் மாறியிருந்தது. கூடவே எல்லாமும் மாறியிருந்தது. இரண்டு பத்தியாக இருந்த கட்டுரை ஒன்றாகக் கலந்து அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது. கொம்பு ஓரிடத்தில், அதற்குரிய எழுத்து வேறிடத்தில். தலைப்பில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று நின்றது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

பையன் மேல் தப்பில்லை. ஒரு படத்தை மாற்றுவதற்காக அவன் மொத்தப் பக்கத்தையும் பிரித்துவிட்டான். இந்த வேலையில் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்.

பிரித்தால் ஏன் சிதறுகிறது?

வேர்டு கோப்பில் ஒரு வரி என்பது எழுத்துகளின் வரிசை. பிடிஎஃப் அப்படியல்ல. "இந்த எழுத்துருவின் இந்த வடிவத்தை, தாளின் இந்தப் புள்ளியில் வை" என்ற கட்டளைகளின் தொகுப்பு அது. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து; பிடிஎஃப் பக்கத்தில் அது கொம்பு, க, துணைக்கால் என மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டதாக இருக்கலாம். பத்தி, வரி, சொல் என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

வேர்டில் திறக்கும்போது அந்த மென்பொருள் இந்த வடிவங்களைப் பார்த்து, இது ஒரு சொல்லாக இருக்கும், இது ஒரு பத்தியாக இருக்கும் என்று ஊகித்துப் புதிதாக ஒரு பக்கம் கட்டுகிறது. ஆங்கிலத்தில் ஊகம் ஓரளவு பலிக்கும். தமிழில், அதிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், பலிக்காது. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகள் வெளியே வந்துவிடும். லிபர்ஆபிஸ் டிராவில் திறந்தாலும் எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்கார்ந்து வரிநீளம் மாறிப்போகும்.

படம் எப்படி இருக்கிறது?

இனி நல்ல செய்தி. பிடிஎஃபுக்குள் படம் எழுத்தோடு கலந்து கிடப்பதில்லை. அது தனிப் பொருள். அதற்கு ஒரு எண் உண்டு. பக்கத்தில் இருப்பது அந்தப் படத்தைக் கூப்பிடும் ஒரு வரி மட்டுமே. எங்கள் கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் அந்த வரி இப்படி இருந்தது:

```
q 216 0 0 144 72 540 cm /Im3 Do Q
```

இதைப் படிப்பது கடினமில்லை. பிடிஎஃபில் 72 பாயிண்ட் ஓர் அங்குலம். 216 பாயிண்ட் அகலம், அதாவது 3 அங்குலம். 144 பாயிண்ட் உயரம், 2 அங்குலம். தாளின் இடது ஓரத்திலிருந்து 72, கீழ் ஓரத்திலிருந்து 540 பாயிண்ட் தள்ளி இந்தப் பெட்டியை வை, அதற்குள் `Im3` என்ற படத்தை வரை. அவ்வளவுதான்.

இந்த வரி படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. எத்தனை பிக்சல் என்றும் பார்ப்பதில்லை. எது வந்தாலும் 3 அங்குலத்துக்கு 2 அங்குலமாக இழுத்துப் பெட்டியை நிரப்பும். பக்கத்தில் இருக்கும் எழுத்துகளுக்கோ படம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே அந்த எண்ணுள்ள பொருளின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால் எழுத்து ஒரு மயிரிழையும் நகராது. நாம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

முதலில் விசாரணை

எந்தப் படத்துக்கு என்ன எண் என்று அறிய, பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் இருக்கும் ஒரு கட்டளை போதும்:

```
pdfimages -list malar.pdf
```

அது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி கொடுக்கும். எங்கள் கட்டடத்துக்குரிய வரியில் `page` 5, `width` 900, `height` 600, `color` rgb, `enc` jpeg, `object` 57, `x-ppi` 300 என்று இருந்தது. இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. படத்தின் எண் 57. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2. அங்குலத்துக்கு 300 பிக்சல், அதாவது அச்சுக்குத் தேவையான தரம்.

இனிப் புதுப் படம். செயலர் தன் போனில் எடுத்திருந்தது 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். விகிதம் 4:3. இதை அப்படியே 3:2 பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? பெட்டி இழுத்து நிரப்பும் என்றேன் அல்லவா? உயரத்தோடு ஒப்பிட்டால் அகலம் 12.5 சதவீதம் கூடிவிடும். கட்டடம் என்றால் கொஞ்சம் குள்ளமாகத் தெரியும், யாரும் கவனிக்காமலும் போகலாம். மனிதர் படம் என்றால் எல்லோரும் எட்டில் ஒரு பங்கு பருத்துப்போவார்கள்.

ஆகவே முதலில் வெட்ட வேண்டும். அகலம் 4000 இருக்கட்டும். 3:2 ஆக்க உயரம் 2667 போதும். மேலே வெறும் வானமாக இருந்த 333 பிக்சலை வெட்டினேன். பிறகு 900-க்கு 600 ஆகச் சுருக்கினேன். சுருக்குவது கட்டாயமில்லை. 4000 பிக்சலோடு போட்டாலும் பெட்டி அதே அளவுதான் நிற்கும். கோப்புதான் வீணாகக் கனக்கும். மாறாக, போதாத படத்தைப் போட்டால் அச்சில் மங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கித்தான் வரும். 3 அங்குலப் பெட்டிக்கு அது தாங்கலாம்; ஏ4 தாளின் முழு அகலத்துக்கு 2480 பிக்சல் வேண்டும், தாங்காது. படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் பல சமயம் பிக்சல்கள் படுத்தபடியேதான் சேமிக்கப்பட்டிருக்கும்; "இதை நிமிர்த்திக் காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் உடன் இருக்கும். எல்லா மென்பொருளும் அந்தக் குறிப்பை மதிப்பதில்லை. வெட்டிச் சேமிக்கும்போதே நிமிர்த்திச் சேமித்துவிட்டால் தலைவர் பக்கவாட்டில் படுத்திருக்கும் சங்கடம் வராது.

மாற்றும் வழி

காசு கொடுத்து வாங்கிய அக்ரோபேட் இருந்தால் வேலை எளிது. `Edit PDF` போய், படத்தின் மேல் வலது கிளிக் செய்து `Replace Image` கொடுத்துப் புதுப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வந்து உட்கார்ந்ததும் பெட்டியின் நான்கு ஓரமும் பழைய இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். முன்கூட்டி விகிதம் பார்த்து வெட்டியிருந்தால் இந்தக் கவலை குறைவு. அந்தத் திருத்தும் நிலையில் இருக்கும்போது எழுத்துகளின் மேல் கிளிக் செய்துவிடாதீர்கள். கைதவறி ஒரு எழுத்துப் பெட்டி நகர்ந்தால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அக்ரோபேட் இல்லையென்றால் பைத்தானில் ஐந்து வரி. பைமுபிடிஎஃப் என்ற இலவச நூலகத்தை `pip install pymupdf` என்று நிறுவிக்கொண்டால்:

```python
import pymupdf
doc = pymupdf.open("malar.pdf")
page = doc[4]
page.replace_image(57, filename="pudhu.jpg")
doc.save("malar-new.pdf", garbage=4)
```

பக்கங்களை அது 0-விலிருந்து எண்ணுவதால் ஐந்தாம் பக்கம் `doc[4]`. 57 நாம் கண்டுபிடித்த எண். கடைசி வரியில் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, புதுப் பெயரில் சேமிக்கிறோம். பழைய கோப்பு கைபடாமல் இருக்கும். இரண்டு, `garbage=4` என்பது இனி யாரும் கூப்பிடாத பொருள்களைக் கோப்பிலிருந்து கூட்டித் தள்ளிவிடும்.

இந்தக் கூட்டித் தள்ளுவதை லேசாக நினைக்க வேண்டாம். பலர் செய்யும் குறுக்குவழி, பழைய படத்தின் மேல் புதுப் படத்தை ஒட்டிவிடுவது. போன் செயலிகளில் பெரும்பாலும் இதைத்தான் செய்ய முடியும். பார்க்க மாறியது போலிருக்கும். பழைய படம் அடியில் அப்படியே கிடக்கும். `pdfimages` கட்டளை கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அதை வெளியே எடுக்கலாம். ஒருவர் தன் படத்தை நீக்கச் சொல்லித்தான் மாற்றுகிறீர்கள் என்றால் ஒட்டுவது பதிலாகாது.

நான் சறுக்கிய இடம்

மாற்றினேன். ஐந்தாம் பக்கத்தைத் திறந்தேன். புதுக் கட்டடம் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. செயலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவர் 21-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். "அண்ணே, இது நினைவுப் பக்கம். இதுல எதுக்குப் புதுக் கட்டடம்?"

'நாங்கள் படித்த ஓட்டுக் கட்டடம்' என்ற வரிக்கு மேலே கான்கிரீட் கட்டடம் பளபளத்துக்கொண்டிருந்தது.

பட்டியலை மறுபடி பார்த்தேன். `object` 57 இரண்டு வரியில் இருந்தது. 5-ஆம் பக்கத்தில் 300 `x-ppi`, 21-ஆம் பக்கத்தில் 200. அதாவது ஒரே படத்தை அங்கே நாலரை அங்குலப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒரு படம் எத்தனை பக்கத்தில் வந்தாலும் பிடிஎஃப் பெரும்பாலும் அதை ஒருமுறைதான் வைத்துக்கொள்ளும். எல்லாப் பக்கமும் அதே எண்ணைக் கூப்பிடும். பொருளை மாற்றினால் கூப்பிட்ட எல்லா இடத்திலும் மாறும். சங்கத்தின் முத்திரையை 24 பக்கத்திலும் மாற்ற வேண்டும் என்றால் இது வரம். எனக்கு அன்று வினையாயிற்று.

சரிசெய்வதும் எளிதுதான். 21-ஆம் பக்கத்தை மட்டும் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் புதுக் கோப்பில் செருக வேண்டும். க்யூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் ஒரே கட்டளை:

```
qpdf malar-new.pdf --pages malar-new.pdf 1-20 \
  malar.pdf 21 malar-new.pdf 22-24 -- mudivu.pdf
```

பழைய பக்கம் தன் பழைய படத்தோடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து மாற்றுவதற்கு முன் பட்டியலில் அந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணாமல் நான் கை வைப்பதில்லை.

பட்டியல் வேறு கதை சொன்னால்

எல்லாக் கோப்பும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. என்ன சிக்கல் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

பக்கத்துக்கு ஒரே ஒரு படம், அது ஏ4 அளவுக்கு 2480-க்கு 3508 பிக்சல் என்றிருந்தால் அது ஸ்கேன் செய்த பக்கம். எழுத்தும் படமும் சேர்ந்து ஒரே புகைப்படமாக இருக்கிறது. தனியே மாற்றப் படம் என்று ஒன்று இல்லை. அந்தப் பக்கப்படத்தை `pdfimages -all` கொடுத்து வெளியே எடுத்து, படத்திருத்தியில் பழைய இடத்தின் மேல் புதுப் படத்தை ஒட்டி, அதே பிக்சல் அளவில் சேமித்து, அந்த எண்ணுக்கே திருப்பிக் கொடுக்கலாம். இத்தகைய கோப்பை அக்ரோபேட்டில் திருத்தத் திறந்தால் அது தானாகவே எழுத்துகளை அடையாளம் காணக் கிளம்பிவிடும். `Recognize text` என்ற தேர்வை முதலில் அணைத்துவிடுங்கள்.

ஒரே படத்துக்கு 900-க்கு 40, 900-க்கு 40 என்று பட்டை பட்டையாகப் பல வரி வந்தால், அச்சுக்காக ஒளிபுகும் பகுதிகளைத் தட்டையாக்கிய கோப்பு அது. ஒரு பட்டையை மாற்றிப் பயனில்லை. எல்லாப் பட்டையையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் புதுப் படத்தை வைக்க வேண்டும். இது கொஞ்சம் பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

படத்தின் வரிக்குக் கீழேயே `smask` என்று இன்னொரு வரி இருந்தால் அந்தப் படத்துக்கு ஒரு முகமூடி இருக்கிறது என்று பொருள். தலைவரின் முகம் முட்டை வடிவ வளையத்துக்குள் தெரிவது இப்படித்தான். பைத்தான் வழியில் படத்தை மாற்றினால் முகமூடியும் போய்விடும்; வளையத்துக்குப் பதில் சதுரப் படம் வந்து மூலைகள் எழுத்தின் மேல் ஏறும். புதுப் படத்தையே வெளிப்புறம் ஒளிபுகுவதாக வெட்டி பிஎன்ஜி வடிவில் சேமித்துக் கொடுத்தால் தீர்ந்தது.

`color` என்ற இடத்தில் cmyk என்றிருந்தால் கோப்பு ஆஃப்செட் அச்சுக்குத் தயாரானது. போன் படம் rgb. திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சில் நீலமும் பச்சையும் மங்கி வரலாம். அச்சகத்திடம் கேட்டு, தேவையென்றால் போட்டோஷாப்பில் மாற்றிய பிறகு போடுங்கள்.

மின்கையொப்பம் உள்ள கோப்பில் படத்தைத் தொட்டதும் கையொப்பம் செல்லாது என்று காட்டும். அது கோளாறில்லை, அது அதற்காகத்தான் இருக்கிறது. சான்றிதழ், அடையாள அட்டை போன்றவற்றில் படம் பழையதாகிவிட்டால் வழங்கிய அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும். நாமே மாற்றினால் அதற்குப் பெயர் வேறு.

எழுத்து நகரவில்லை என்பதற்குச் சாட்சி

கண்ணால் 24 பக்கத்தையும் ஒப்பிடுவது அலுப்பு, நம்பவும் முடியாது. இரண்டு கோப்பின் எழுத்தையும் தனியே எடுத்துக் கணினியையே ஒப்பிடச் சொல்லலாம்:

```
pdftotext -layout malar.pdf a.txt
pdftotext -layout mudivu.pdf b.txt
diff a.txt b.txt
```

மூன்றாவது கட்டளைக்கு எந்தப் பதிலும் வராவிட்டால் இரண்டும் ஒன்றே. விண்டோஸில் `diff` இடத்தில் `fc` என்று கொடுங்கள்; இரண்டும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் இல்லை என்று அது ஒரு வரியில் சொல்லும். பாமினிக் கோப்பு என்றால் வெளிவரும் எழுத்து `jkpo;` வகையாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம், நாம் படிக்க எடுக்கவில்லை, ஒப்பிட எடுக்கிறோம்.

எங்கள் கையேட்டுக்குப் பதில் எதுவும் வரவில்லை. எழுத்து அசையவில்லை. ஆனால் அதுவே அடுத்த சிக்கலையும் காட்டிக்கொடுத்தது. ஐந்தாம் பக்கத்தில் படத்தின் கீழே 'ஓட்டுக் கூரையுடன் நம் பள்ளி' என்ற வரியும் அசையாமல் அப்படியே இருந்தது. குழுப்படத்தை மாற்றியவர்களுக்கு இது இன்னும் கடுமை: படத்தில் புது நிர்வாகிகள், கீழே 'இடமிருந்து வலமாக' என்று பழைய பெயர்கள்.

அந்த ஒரு வரியை மாற்றுவது படத்தை மாற்றுவதைவிடக் கடினம். பல பிடிஎஃப் கோப்புகள் எழுத்துருவை முழுதாக வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கையேட்டில் பயன்பட்ட எழுத்து வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். புது வரியில் 'ஞ' வேண்டும், கையேடு முழுக்க 'ஞ' வரவேயில்லை என்றால் கோப்பில் அந்த வடிவமே இருக்காது. நான் செய்தது இதுதான்: பழைய வரியை நீக்கிவிட்டு, அதே எழுத்துருவில் புது வரியைத் தனியே அமைத்து அந்த இடத்தில் வைத்தேன். படத்துக்குப் பத்து நிமிடம், அந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம்.

கிளம்பும்போது செயலரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். மலர், கையேடு, அழைப்பிதழ் எதை அச்சிட்டாலும் பணம் கட்டும் அன்றே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இன்டிசைனில் செய்தது என்றால் `File` போய் `Package` கொடுத்தால் பக்கம், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே உறையில் வந்துவிடும். அதை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.